லிங்க்குக்கு மேல் ஒரு வரி

எனக்குத் தமிழ் வாசிக்க வரும். மெதுவாக வரும். ஆயர் தாவார் பக்கம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூணாவது வரைக்கும் இருந்தேன். அதுக்கு மேல் படிக்க வைக்க ஆள் இல்லை, ரப்பர் பால் வாளி தூக்கப் போய்விட்டேன். மலாய் பேசுவேன். சீனன் கடையில் சண்டை போடுகிற அளவுக்கு ஹொக்கியனும் பேசுவேன். ஆனால் ஏபிசி எழுத்தில் எது எழுதியிருந்தாலும் எனக்கு அது எறும்பு ஊர்கிற மாதிரிதான். எண்ணு மட்டும் தெரியும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது ஈப்போவில் எனக்கு வேண்டியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். நான் சொல்லவில்லை. என் மகள் சொன்னாள்.

மெங்லெம்பு பக்கம் ஒரு கிடங்கில் நான் ஜாகா, காவல்காரன். கிடங்கின் பெயர் வேண்டாம். முன் கேட்டில் பகல் வேலை. லோரி உள்ளே வரும், வெளியே போகும். டிரைவர் டி.ஓ. நீட்டுவான். அதுதான் சரக்குத் தாள். எந்த லோரி, என்ன சரக்கு, எத்தனை பெட்டி, யாருக்குப் போகிறது என்று அதில் இருக்கும். லோரியும் தாளும் ஒத்துப்போனால் கம்பியைத் தூக்கணும். ஒத்துப்போகாவிட்டால் மேலே ஆபீசுக்கு ஃபோன் அடிக்கணும்.

வாசிக்கத் தெரியாதவன் இத்தனை வருஷம் எப்படி இந்த வேலை பார்த்தான் என்று கேட்பீர்கள். சட்டைப் பையில் கண்ணாடி இருக்கும். ஆனால் கேட்டில் அதை எடுக்க மாட்டேன். "கண்ணாடிய வீட்ல விட்டுட்டேன்பா, என்ன சரக்கு, நீயே சொல்லு" என்பேன். டிரைவர் சொல்லுவான். லோரி நம்பர் பிளேட் எழுத்தை, தாளில் இருக்கிற உருவத்தோடு வைத்து ஒப்பிடுவேன். எண்ணைச் சரி பார்ப்பேன். கூட வேலை செய்கிற ஐயாவு பக்கத்தில் இருந்தால், "இந்தா, வெயிலு கண்ணக் கூசுது, நீ பாரு" என்று தள்ளிவிடுவேன். ஐயாவுக்கு வாய் ஜாஸ்தி, யோசனை கம்மி. அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

ஒரு நாள் தப்பான லோரியை வெளியே விட்டுவிட்டேன். டிரைவர் சொன்னதை நம்பினேன். சரக்கு சித்தியவானுக்குப் போகவேண்டியது, பாகான் டத்தோவுக்குப் போய்விட்டது. திருட்டு இல்லை, டிரைவருக்கே குழப்பம். ஆனால் ஆபீசில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் வெயில், மழை, கண்ணாடி என்று ஏதோ சொல்லித் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

என் மகள் ஷர்மினி பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தவள். படித்து முடித்து, ஒரு ஃபோன் கடையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து என் ஃபோனை வாங்கி எதையோ போட்டுக் கொடுத்தாள்.

"ப்பா, இத அமுக்குங்க. தாளப் படம் எடுங்க. காதுல வைங்க."

வீட்டில் கிடந்த தண்ணீர் பில்லைப் படம் எடுத்தேன். ஃபோன் தமிழில் பேசியது. யாருடைய பில், எப்போது வந்தது, எப்போதுக்குள் கட்டணும், எல்லாம் சொன்னது. பொம்பளைக் குரல், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி.

"டி.ஓ.ன்னா வேற மாதிரி," என்றாள். "அதுல நெறய கண்டதும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது லோரி நம்பர், சரக்கு, எத்தன பெட்டி, எங்க போவுது. அந்த வரிசையில மட்டும் சொல்லும்."

நான் அவளைப் பார்த்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாதென்று இவளுக்கு எப்போது தெரியும்? அவள் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்ட காலத்திலேயே தெரிந்திருக்கும். அவள் காட்டிக்கொள்ளவில்லை.

"இது நமக்குள்ள," என்றேன்.

"சரிப்பா."

நான் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. தோட்டத்தை விற்றபோது வீடு தருகிறோம் என்றார்கள், நம்பவில்லை, நல்லதாகப் போச்சு. அந்தச் "சரிப்பா"வை நம்பினேன்.

அதுக்கப்புறம் கேட்டில் எனக்கு ராஜ வாழ்க்கை. காதில் ஒரு சின்ன ஒயர். டிரைவர் தாளை நீட்டுவான், ஆபீசுக்காகப் படம் எடுக்கிறேன் என்று நினைப்பான். நான் வாசித்த மாதிரி தலையை ஆட்டிக் கம்பியைத் தூக்குவேன். ஐயாவு கூடக் கேட்டான், "என்ன சீனி, இப்பல்லாம் கண்ணு நல்லாத் தெரியுது போல?" "மருந்து ஊத்துறேன்" என்றேன்.

ஷர்மினி ஃபோன் கடையை விட்டு நல்ல வேலை தேட ஆரம்பித்தாள். கம்ப்யூட்டரில் எழுதுகிற வேலை. ஈப்போவில் அது ரொம்ப இல்லை, எல்லாரும் கேஎல், பினாங்கு என்று ஓடுகிறார்கள். இவள் இங்கேயே பார்க்கிறேன் என்றாள். எனக்கும் என் பெண்டாட்டி மங்களத்துக்கும் அதுதான் வேண்டும். வீட்டில் சும்மா உட்கார்ந்து அனுப்பிக்கொண்டே இருப்பாள். ஒருத்தரும் பதில் போடவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது அம்மாக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நான் செஞ்சதுக்கு லிங்க் அனுப்பறேன்மா. யாரும் தெறந்தே பாக்கல."

"லிங்க்னா?"

"அத அமுக்கினா நான் செஞ்சது தெறக்கும். நான் எழுதின கம்ப்யூட்டர் கோடும் பாக்கலாம். கோகிலன் இருக்கான்ல, பினாங்குல வேல செய்றவன், அவன்கிட்ட காட்டினேன். ஏசுறான். வெறும் லிங்க்க அனுப்பினா எவன் தெறப்பான், அவனுக்கு ஒரு நாளைக்கு அந்த மாதிரி எத்தன வரும்னு கேக்கறான். தெறந்தாலும் உள்ள அத்தன ஃபைல் இருக்கு, எங்க பாக்கறதுன்னு தெரியாம மூடிட்டுப் போயிருவானாம்."

"அப்ப என்ன செய்யணுமாம்?"

"மேல ஒரு வரி. ஒண்ணே ஒண்ணு. இது என்ன, யாருக்காக, மொதல்ல எத அமுக்கணும். கத எழுதாதேன்னான். நீ எத்தன எழுதினாலும் ஒரு வரிதான் படிப்பான்னான்."

"எழுதிட்டியா?"

"எழுதினேன். 'சரக்குத் தாளப் படம் எடுத்தா தமிழ்ல வாசிக்கும்'னு. அதுக்கும் பதில் இல்ல. வரி செத்துப் போயி கெடக்குன்றான்."

மங்களம் சிரித்தாள். "வரிக்கு உசிரு வேற வேணுமா?"

நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். உசிர் எங்கே இருந்து எடுப்பாள் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்கணும்.

அடுத்த வாரம் ஷர்மினி வேலையில் இருக்கிற எனக்கே ஃபோன் அடித்தாள். கிரீன்டவுன் பக்கம் ஒரு கம்பெனி, கிளினிக்குக்கும் கடைக்கும் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுக்கிறவர்கள். ஆள் எடுக்கிறவர் பெயர் தேனப்பன். காலையில் அனுப்பினாளாம், மத்தியானமே பதில். மாதிரிப் படத்தை அமுக்கிப் பார்த்தேன், நல்லா இருக்கு, வாங்க பேசலாம் என்று எழுதியிருந்தாராம்.

"செட்டியாரா?" என்றேன்.

"அது எதுக்குப்பா இப்ப?"

"சும்மா கேட்டேன்லா."

சாயங்காலம் சீனன் கடையில் வாத்துக் கறி வாங்கிக்கொண்டு போனேன். மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள். ரெண்டு நாள் கழித்து நேராகப் போய்ப் பேசிவிட்டும் வந்தாள். ரெண்டு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டாராம். எழுத்தை அடையாளம் கண்டுபிடிக்கிறதும் குரலும் வேறு ஆள் செய்த சாமான், வேண்டிய வரியைப் பொறுக்கிச் சொல்கிறது மட்டும் நான் செய்தது என்று இவள் சொன்னதை அவர் மெச்சினாராம். முடிவை அப்புறம் சொல்கிறேன் என்றாராம்.

"வேற என்ன கேட்டாரு?"

"இத யாரு பொழங்குறாங்கன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

ஷர்மினி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "சொன்னேன்," என்றாள். மங்களம் குழம்பு வேண்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன்.

ஒரு காலையில் கலாதேவி கீழே இறங்கி வந்தாள். ஆபீசில் சரக்குக் கணக்கெல்லாம் அவள் கையில்தான். தமிழ்ப் பிள்ளை, மரியாதை தெரிந்தவள். எதற்கும் நேராகக் கேட்டிற்கு வரமாட்டாள், ஃபோன்தான் அடிப்பாள். கையில் ஒரு தாள்.

"அங்கிள், பெரிய போஸ் எனக்கு அனுப்பினாரு. பிரிண்ட் எடுத்துட்டேன். இதுல இருக்கற டி.ஓ. நம்மளோடதுதானே?"

தாளில் பாதிக்கு ஒரு படம். டி.ஓ.வின் படம். மேலே எங்கள் கிடங்கின் முத்திரை. எனக்கு அந்த முத்திரை தெரியும், தினம் பார்க்கிறேன். ஓரத்தில் ஒரு விரலின் நிழல் விழுந்திருந்தது. என் விரல்.

"ஆமா, நம்மளோடதுதான்," என்றேன்.

"மேல எழுதியிருக்கறத வாசிச்சிட்டு ஆபீசுக்கு வாங்க அங்கிள்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வேண்டுமென்றே கொடுத்தாளா, சும்மா கொடுத்தாளா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவள் போய்விட்டாள்.

படத்துக்கு மேலே ரெண்டு மூணு வரி ஆங்கிலம். நான் ஜாகா கொட்டகைக்குள் போனேன். ஃபோனை எடுத்தேன். எல்லாத்தையும் வாசி என்கிற பொத்தானை அமுக்கினேன். அவசரத்தில் காது ஒயரைச் சொருகவில்லை. ஐயாவு உள்ளே ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்ததையும் கவனிக்கவில்லை.

ஃபோன் சத்தமாகவே சொன்னது. செய்தி வாசிக்கிற அதே குரல்.

"சீனி என்கிற காவலரின் மகள் எனக்கு அனுப்பியது. உங்கள் கிடங்கின் தாள் என்று தெரிகிறது. உங்களுக்கும் பயன்படலாம்." பிறகு கொஞ்சம் நிறுத்தியது. "என் தந்தை ஒரு வாயிற்காவலர், அவருக்கு மலாயும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாது, அவர் ஒவ்வொரு நாளும் இதைக் கொண்டுதான் சரக்குத் தாள்களைப் புரிந்துகொள்கிறார், முதல் பக்கத்தில் உள்ள மாதிரிப் படத்தை அமுக்கிப் பாருங்கள்."

ஷர்மினி எழுதியது ஒரே ஒரு வரிதான். கோகிலன் சொன்ன மாதிரியே. யாருக்காக, என்ன, எதை அமுக்கணும்.

ஐயாவு மெல்லுவதை நிறுத்திவிட்டான். என் கையில் இருந்த ஃபோனைப் பார்த்தான். தாளைப் பார்த்தான்.

"இப்ப சொல்லிச்சே, அது யாரு சீனி?"

நான் ஃபோனைப் பைக்குள் தள்ளினேன்.

"மருந்து ஊத்துறேன்னியே. இதான் மருந்தா?"

"வாய மூடு ஐயாவு."

"நான் மூடிக்கிறேன். ஆனா இத்தன வருஷம் எங்கிட்ட தாளக் கொடுத்து வெயிலு வெயிலுன்னு சொன்னியே, நான் என்னமோ நீ எனக்கு மரியாத குடுக்கறேன்னு நெனச்சேன்யா." சிரித்தான். பாதியில் அவனுக்கே சிரிப்பு நின்றுவிட்டது. "சரி விடு. ரொட்டி தின்னுறியா?"

அந்த ரொட்டியை அவன் நீட்டியது எனக்குச் சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

மேலே போனேன். கலாதேவி உட்காரச் சொன்னாள். நான் நின்றேன்.

"ரெண்டு விஷயம் அங்கிள். ஒண்ணு, நம்ம டி.ஓ. வெளிய போயிருக்கக் கூடாது. எந்தக் கடைக்கு என்ன போவுதுன்னு அதுல இருக்கு. வாங்கறவங்க ஃபோன் நம்பர மறைச்சிருக்கா உங்க மக, ஆனா நம்ம தலைப்ப மறைக்கல. அத எடுக்கச் சொல்லுங்க."

"எடுத்துருவா."

"இன்னொண்ணு…" தாளை மேசையில் நகர்த்தினாள். "முன் கேட்டுல இருக்கறவங்க வாசிக்கணும் அங்கிள். அது எனக்கு ரூல்தான். போன தடவ பாகான் டத்தோ போன லோரி…"

"அது கண்ணாடி இல்லாததால," என்றேன். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அவள் குனிந்து பேனாவைத் திறந்து மூடினாள். பிள்ளைக்கு என் முகத்தைப் பார்க்க வெட்கம்.

"வெள்ளிக்கிழம தேனப்பன் வராரு, போஸப் பாக்க. அதுக்கப்புறம் முடிவு சொல்லுவாங்க. அது வரைக்கும் ஐயாவு அங்கிள் தாள் பாக்கட்டும்."

படி இறங்கினேன். வேலை போய்விடும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நான் என் பெண்டாட்டியின் அண்ணன் தம்பிக்கு, கோயில் கமிட்டிக்கு, தெருவில் எல்லாருக்கும் மறைத்ததை, என் பிள்ளை ஒரு செட்டியாருக்கு ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கிறாள். அவர் பெரிய போசுக்குத் தள்ளிவிட்டார். அவர் கலாதேவிக்கு. இனி அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"ஏன் எழுதின?"

ஷர்மினிக்கு உடனே புரிந்துவிட்டது. எதை என்று கேட்கவில்லை. அதுவே எனக்குப் போதும்.

"ப்பா, நான் பொய் எழுதல."

"பொய் எழுதியிருந்தா எனக்கு இவ்வளவு எரியாது."

"வெறும் லிங்க் அனுப்பினேன், ஒருத்தனும் பாக்கல. 'சரக்குத் தாள வாசிக்கும்'னு எழுதினேன், பாக்கல. யாரு பொழங்குறாங்கன்னு எழுதினதும் அன்னைக்கே பாத்தாரு. அதான் நெசமாவே அவங்க தெரிஞ்சிக்க வேண்டியது. யாருக்காகச் செஞ்சேன்னு தெரியாம அத எப்படிப் பாப்பாங்க? ஏன் லோரி நம்பர மொதல்ல சொல்லுதுன்னு எப்படிப் புரியும்?"

"எங்கிட்ட கேட்டியா?"

"கேட்டா வேணாம்னிருப்பீங்க."

"அது தெரிஞ்சும் எழுதின."

அவள் உதட்டைக் கடித்தாள். "அவருக்கு மட்டும்தான் எழுதினேன். அவரு வேற ஆளுக்கு அனுப்புவாருன்னு நான் கனவா கண்டேன்?"

"லிங்க்க அனுப்பினா மேல இருக்கற வரியும் கூடவே போவுமா?"

"போவும்."

"அது உனக்குத் தெரியுமா தெரியாதா? நீதான கம்ப்யூட்டர் படிச்சவ."

அவள் தன் ஃபோனை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தப் படம்? நம்ம கெடங்குத் தாள் ஏன் வச்ச?"

"நெழல் விழுந்த படம்ப்பா அது. மங்கலா இருக்கும். அதையும் சரியா வாசிக்குதுன்னு காட்டணும். நல்ல படத்த எதுவும் வாசிக்கும்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை. ஒரு நொடிதான். நான் பார்த்துவிட்டேன். என் விரல் நிழல் விழுந்த தாள் அவளுக்கு நல்ல சாமான்.

மங்களம் அடுப்படியிலிருந்து வந்தாள். "அவள மட்டும் ஏசாதீங்க. எங்கிட்ட வாசிச்சுக் காட்டினா. நான்தான் இது நல்லா இருக்கு, இதையே போடுன்னேன்."

நான் அவளைப் பார்த்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து கடிதாசி வந்தால், எனக்குக் கொடுக்கிற மாதிரி கொடுத்து அவளே வாசித்துச் சொல்லுவாள். ஒரு தடவைகூட வெளியே விட்டதில்லை. அந்த வாயாலேயே சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சிங்க," என்றேன். "நல்லது."

வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைத்தேன். அதில் அழுக்கு இல்லை. ரொம்ப நேரம் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை தேனப்பன் வந்தார். நாற்பது வயசிருக்கும். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். சிரித்த முகத்தை நான் நம்புகிறதில்லை. காரை வெளியே நிறுத்திவிட்டு நடந்தே கேட்டிற்கு வந்தார். கலாதேவி எதிரே வந்து கூட நின்றாள். ஐயாவு கொட்டகை வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"சீனி ஐயாதானே? வணக்கம். நான் தேனப்பன்."

"தெரியுது."

"உங்க மக வேலை நல்லா இருக்குங்க. அந்த வரியப் பாத்துதான் தெறந்தேன், மறைக்கல. உங்க போஸ் எனக்கு வேண்டியவரு, பாத்தா இங்க எல்லாக் கேட்டுக்கும் வாங்குவாருன்னுதான் அனுப்பினேன். உங்களுக்குச் சங்கடம் ஆகும்னு தோணல."

"வரிய வெட்டிட்டு அனுப்பியிருக்கலாம்."

"வரி இல்லாம அனுப்பினா அவரு தெறந்திருக்க மாட்டாரு, ஐயா."

இவரும் அதையே சொன்னார். ஊரே அந்த வரியை வைத்துத்தான் திறக்கிறது.

"ஒண்ணு கேக்கணும்," என்றார். "மகளுக்கு வேல குடுக்கறதுன்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணியாச்சு. ஆனா ஆளு எடுக்கறப்ப நான் ஒரு விஷயம் கண்டிப்பாப் பாப்பேன். லிங்க்குக்கு மேல எழுதினது நெசமா இருக்கணும். வேலைக்காக என்ன வேணும்னாலும் எழுதறாங்க இப்பல்லாம். நீங்க இத நெசமாவே பொழங்குறீங்களா? ஒரு தடவ காட்டுவீங்களா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முடிச்சு என் கையில் இருக்கிறது.

இல்லை என்று சொன்னால் போதும். எனக்கு நல்லா வாசிக்க வரும், பிள்ளை வேலைக்காக அளந்துவிட்டாள் என்று சொல்லலாம். பையில் கண்ணாடி இருக்கிறது, எடுத்து மாட்டிக்கொள்ளலாம். கலாதேவி பாதி நம்புவாள். ஐயாவு சும்மா இருப்பான், இருக்கணும், அவனை இந்த வேலைக்குச் சொல்லிச் சேர்த்தவன் நான். என் முகம் கொஞ்சம் மிஞ்சும். ஷர்மினி பொய்க்காரி ஆவாள். அவள் எனக்குச் செய்ததுக்கு அது சரியாகத்தான் இருக்கும்.

கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடிக் கூடு விரலில் பட்டது.

ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தாளை நீட்டினான். ஐயாவு வாங்க வந்தான். நான் அவனை ஒதுக்கிவிட்டு வாங்கினேன். ஃபோனை எடுத்துப் படம் பிடித்தேன். ஒயர் போடவில்லை. எல்லாரும் கேட்கட்டும் என்று நின்றேன்.

"தாள் தெளிவாக இல்லை. மறுபடி எடுங்கள்," என்றது குரல்.

தாள் மடிந்திருந்தது. நீவிவிட்டு மறுபடி எடுத்தேன். லோரி எண்ணைச் சொன்னது. நான் பிளேட்டைப் பார்த்தேன். சவர்க்காரம் என்றது, பெட்டிகளைச் சொன்னது, தெலுக் இந்தான் என்றது. ஒத்துப்போனது. கம்பியைத் தூக்கினேன். லோரி போய்விட்டது.

தேனப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, மொதல் தடவ தெரியலன்னதும் ஊகிச்சு எதையும் சொல்லல. தெரியலன்னு சொல்லி நின்னுச்சு. அதத்தான் நான் அவகிட்ட ரொம்ப ரசிச்சேன்."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன். "அவ எழுதினது எல்லாம் நெசம். ஆனா எழுதறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. வேல குடுக்கறப்ப அதையும் பாத்துக்குங்க. உங்க கிளினிக்குல வர்றவங்க நெசத்தையும் அவ கைலதான் குடுப்பீங்க."

அவர் சிரிப்பு இறங்கிவிட்டது. கலாதேவி தரையைப் பார்த்தாள். அவர் மெதுவாக, "சொல்லி வைக்கிறேன் ஐயா," என்றார். "எனக்கும் சேத்துத்தான்." பிறகு மேலே போனார்கள்.

ஷர்மினிக்கு வேலை கிடைத்தது. என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. பின் கேட்டுக்கு மாற்றினார்கள். குப்பை லோரியும் தண்ணீர்க் குழாய்க்காரனும் மட்டும் வருகிற கேட். தாள் கிடையாது. "லேசான வேல அங்கிள்," என்றாள் கலாதேவி. சம்பளம் அதே சம்பளம். முன் கேட்டில் ஐயாவு நிற்கிறான். காதில் ஒயரைச் சொருகிக்கொண்டு பாட்டுக் கேட்கிறான். அவனுக்கு வாசிக்கத் தெரியும், அதனால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

அந்த டி.ஓ. படத்தை நான் ஏசின அன்றைக்கே ஷர்மினி எடுத்துவிட்டாள். வேறு தாள், அவளே பொய்யாகச் செய்த தாள், அதன் மேல் நிழலையும் அவளே விழ வைத்திருக்கிறாள். வேலைக்குப் போக ஆரம்பித்த மாசம் ஒரு நாள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் அவளிடம் வேண்டியதுக்கு மேல் பேசுகிறதில்லை.

"ப்பா. கம்பெனியோட வெப் பக்கத்துல இத வைக்கணும்னு தேனப்பன் சார் கேக்கறாரு. அந்த வரியோட. உங்க பேரு இருக்காது. ஆனா உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வைக்கணும்னு அவரே சொல்லிட்டாரு. வைக்கலாமா?"

"வைக்காத."

"பேரு இல்லப்பா. யாருன்னு தெரியாது."

"நீ கேட்ட. நான் வேணாம்னு சொல்லிட்டேன். கேக்கறதுன்னா அதான்."

அவள் ஒரு காகிதம் எடுத்தாள். தமிழில், பெரிய எழுத்தில் எழுதி என் பக்கம் திருப்பினாள். அவள் எனக்கென்று தமிழில் எழுதியது அதுதான் முதல் தடவை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். வீட்டில் மாட்டிக்கொள்வேன்.

ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். சரக்குத் தாளைத் தமிழில் சொல்லும். வேண்டிய வரியைப் பொறுக்குகிற பகுதி நான் எழுதியது. மாதிரிப் படத்தை அமுக்கவும்.

"இதுல நான் இல்ல," என்றேன்.

"இல்லப்பா."

"இந்த வரியப் பாத்து யாரும் தெறப்பாங்களா?"

"தெரியாது," என்றாள். "மாட்டாங்கன்னு நெனக்கிறேன்."

"இதையே போடு."

அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். மங்களம் அடுப்படியிலிருந்து தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். கொண்டுவந்து வைத்தாள்.

போன வாரம் பின் கேட்டுக்கு ஒரு புது லோரிக்காரன் வழி தப்பி வந்துவிட்டான். பெரிய பொடியன், இந்தோனேசியாக்காரன். தாளை நீட்டினான். ஃபோன் பையில்தான் இருந்தது. ஒரு படம் எடுத்தால் சொல்லிவிடும்.

"முன் கேட்டுக்குப் போ," என்றேன் மலாயில். "எனக்கு வாசிக்கத் தெரியாது."

அவன் மரியாதையாகச் சரி பாக் என்று வண்டியைத் திருப்பினான். அவன் முகத்தில் ஒண்ணும் இல்லை.